ஒரு மூட்டைக்கு எத்தனை லிட்டர்?

தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.6 என்றால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? டி.என்.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு, எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வு என்று எதற்குத் தயாராகிறவரும் இந்த வகைக் கேள்வியைப் பலமுறை போட்டுப் பார்த்திருப்பார். மூட்டை 50 கிலோ. 50-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 30. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் விடை 30 லிட்டர். பத்து விநாடியில் முடிந்துவிடும்.

கணக்கு சரிதான். ஆனால் அந்த 30 லிட்டர் எந்தத் தண்ணீர்? டிரம்மிலிருந்து மொண்டு மிக்சரில் ஊற்றுவது மட்டுமா? மணலோடு ஒட்டிக்கொண்டு வருவதும் அதில் சேருமா? காய்ந்த ஜல்லி உறிஞ்சிக்கொள்வதை யார் கணக்கில் எழுதுவது? ஒரு மதிப்பெண் கேள்விகள் இதையெல்லாம் கேட்பதில்லை. இரண்டு மதிப்பெண் கணக்குகள் கேட்கின்றன. அங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டு வருகிறார்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு அது போகிற இடம் வரை போய்ப் பார்ப்போம்.

முதலில் கலவை விகிதம். எம் 20 கான்கிரீட்டுக்கு 1:1.5:3, எம் 15-க்கு 1:2:4, எம் 10-க்கு 1:3:6 என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. எம் என்பது கலவையைக் குறிக்கிறது. 20 என்பது 150 மில்லிமீட்டர் கனசதுரம் 28-ஆம் நாளில் தாங்க வேண்டிய அழுத்தம், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். சோதிக்கும் கனசதுரங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இந்த அளவுக்குக் கீழே போகாது என்று எதிர்பார்ப்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

இந்த விகிதத்தை ஐ.எஸ். 456 நூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் தேடினால் இந்த வடிவில் அது இருக்காது. நிர்ணயக் கலவைகளுக்கான 9-ஆம் அட்டவணை விகிதமாக எதையும் சொல்லவில்லை. எடையாகச் சொல்கிறது. எம் 20-க்கு 50 கிலோ சிமெண்டோடு உலர்ந்த மணலும் ஜல்லியும் சேர்ந்து 250 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. எம் 15-க்கு அது 330 கிலோ, 32 லிட்டர். எம் 10-க்கு 480 கிலோ, 34 லிட்டர். மணலுக்கு ஜல்லி பொதுவாக ஒன்றுக்கு இரண்டு, அதுவும் கனஅளவில்.

250-ஐ 50-ஆல் வகுத்தால் 5 வருகிறது. ஆனால் ஒன்றரையும் மூன்றும் சேர்ந்தால் நாலரைதான். அப்படியானால் மனப்பாடம் தப்பா? இல்லை. 1:1.5:3 என்பது பெட்டியில் அளக்கும் விகிதம், 250 கிலோ என்பது தராசில் நிறுக்கும் அளவு. ஒரு கனமீட்டர் சிமெண்டின் எடை 1440 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உலர்ந்த மணல் சுமார் 1600 கிலோவும் ஜல்லி சுமார் 1550 கிலோவும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி சிமெண்டைவிட ஒரு பெட்டி மணல் கனம். அதனால் ஒன்றரைப் பெட்டி மணல் எடையில் 1.67 பங்காகிறது, மூன்று பெட்டி ஜல்லி 3.23 பங்காகிறது. இரண்டும் சேர்ந்து 4.9. அட்டவணையின் 5-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

ஆகவே தேர்வில் ஒரு விகிதத்தைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டிய சொல் ‘எடையில்’ அல்லது ‘கனஅளவில்’ என்பது. கேள்வி அதைச் சொல்லியிருந்தால் அதன்படி போக வேண்டும். சொல்லவில்லை என்றால், ஒப்படர்த்தி எண்கள் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. கொடுத்திருந்தால் அநேகமாக எடை விகிதம்தான்.

எம் 25-க்கு 1:1:2 என்றும் பயிற்சிப் புத்தகங்களில் ஒரு வரி உண்டு. கேள்வித்தாள் கேட்டால் அந்த விடையைக் குறிக்கத்தான் வேண்டும். ஆனால் விதிநூலின் நிர்ணயக் கலவை எம் 20-ஓடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சோதனை செய்து வடிவமைத்த கலவைதான் போட வேண்டும்.

இனி தண்ணீர். அதே ஐ.எஸ். 456-இல் 5-ஆம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. கட்டடம் எப்படிப்பட்ட சூழலில் நிற்கப்போகிறது என்பதைப் பொறுத்து, கம்பி போட்ட கான்கிரீட்டில் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் எவ்வளவு வரை போகலாம் என்று அது வரம்பு கட்டுகிறது. மிதமான தாக்கம் மட்டுமே உள்ள சூழலுக்கு 0.55, அதற்கு அடுத்த நிலைக்கு 0.50. கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட் அதற்கும் அடுத்த கடுமையான பிரிவில் வருகிறது. அங்கே 0.45-க்கு மேல் போகக் கூடாது, தரமும் எம் 30-க்குக் குறையக் கூடாது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்கரையை ஒட்டி வீடு கட்டுகிறவர் 1:1.5:3 என்று பெட்டி போட்டுக் கலந்தால், கலவை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது விதிநூலுக்கு வெளியேதான்.

இங்கே கூர்ந்து படிக்கும் மாணவருக்கு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். 9-ஆம் அட்டவணை எம் 20-க்கு 30 லிட்டர் வரை அனுமதிக்கிறது. 30-ஐ 50-ஆல் வகுத்தால் 0.6. 5-ஆம் அட்டவணையோ மிகச் சாதாரணச் சூழலுக்கே 0.55-க்கு மேல் கூடாது என்கிறது. அதன்படி மூட்டைக்கு 27.5 லிட்டர்தான். ஒரே நூல், ஒரே எம் 20, இரண்டு விடை.

அட்டவணைகளின் தலைப்பை நிதானமாகப் படித்தால் இது பெருமளவு தெளிகிறது. 9-ஆம் அட்டவணை பேசுவது உலர்ந்த மணலையும் உலர்ந்த ஜல்லியையும். 5-ஆம் அட்டவணை பேசுவது தனித்த தண்ணீரை. அதாவது கல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளாமல் சிமெண்டோடு சேரக் கிடைக்கும் தண்ணீரை. கருங்கல் ஜல்லியிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காய்ந்த கல் தன் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் தண்ணீரை உறிஞ்சும் என்று எடுத்துக்கொண்டால், 250 கிலோ உறிஞ்சுவது 2.5 லிட்டர். 30-இல் அதைக் கழித்தால் சிமெண்டுக்குக் கிடைப்பது 27.5. விகிதம் 0.55. இந்த ஒரு சதவீதம் கல்லுக்குக் கல் மாறும். ஆனால் இரண்டு அட்டவணைகளும் இரண்டு வேறு தண்ணீரைப் பற்றிப் பேசுகின்றன என்பது மாறாது.

தேர்வுக் கேள்வி ‘தண்ணீர்-சிமெண்ட் விகிதம்’ என்று எந்த அடைமொழியும் இல்லாமல் சொன்னால் அது குறிப்பது இந்தத் தனித்த தண்ணீரைத்தான். கல்லுக்குள் இருப்பது வலிமையைக் கெடுப்பதும் இல்லை, கலவையை இளக்குவதும் இல்லை.

தனித்த தண்ணீர் வலிமையை எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் 1918-இல் எண்ணாகவே விடை சொன்னார். சிகாகோவின் லூயிஸ் இன்ஸ்டிடியூட்டில் கான்கிரீட் உருளைகளை வார்த்து உடைத்து உடைத்துப் பார்த்தவர் அவர். கலவை வேலை செய்யும்படி இளகலாக இருக்கும் வரை வலிமையை முடிவு செய்வது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்தான் என்றார். அவருடைய சூத்திரம் இது.

S = 14000 / 7^x

S என்பது 28 நாள் வலிமை, சதுர அங்குலத்துக்குப் பவுண்டில். x என்பது தண்ணீர்-சிமெண்ட் விகிதம், ஆனால் கனஅளவில். இங்கேயும் அதே பொறிதான். நாம் எடையில் சொல்லும் விகிதத்தை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கினால்தான் அவருடைய x கிடைக்கும். எடையில் 0.5 என்றால் x 0.75. வலிமை சுமார் 3250 பவுண்டு, நம் அலகில் 22.4 நியூட்டன். எடையில் 0.6 என்றால் x 0.9. வலிமை சுமார் 2430 பவுண்டு, 16.8 நியூட்டன்.

0.5-க்கும் 0.6-க்கும் வித்தியாசம் மூட்டைக்கு 5 லிட்டர். ஒரு சின்ன வாளி. வலிமையில் கால் பங்கு போய்விட்டது. இன்றைய சிமெண்ட் ஆப்ராம்ஸ் காலத்துச் சிமெண்டைவிட வலுவானது. அதனால் 22.4, 16.8 என்ற எண்களை அப்படியே இன்றைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் விகிதம் ஏறினால் வலிமை சரிகிறது என்ற வளைவின் போக்கு அதேதான். ஆப்ராம்ஸ் விதியைக் கேட்கும் தேர்வுக் கேள்விகளில் நாலு விடைகளில் ஒன்று ‘சிமெண்டின் அளவைப் பொறுத்தது’ என்று இருக்கும். மூட்டை கூடப் போட்டால் வலிமை கூடும் என்ற நம்பிக்கையில் பலர் அதில் விழுகிறார்கள். தண்ணீரையும் அதே விகிதத்தில் கூட்டினால் சிமெண்ட் கூடியதால் வலிமை பெரிதாக ஏறாது.

அந்த விதியோடு வரும் நிபந்தனையையும் விட்டுவிடக் கூடாது. முழுமையாக இறுகிய கான்கிரீட்டுக்குத்தான் அது பொருந்தும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கலவை மண் மாதிரி உதிரியாகிவிடும். வைப்ரேட்டர் விட்டாலும் கம்பிகளுக்கு இடையில் இறங்காது, உள்ளே காற்று தங்கும். கான்கிரீட்டின் கனஅளவில் ஐந்து சதவீதம் வெற்றிடம் இருந்தாலே வலிமை முப்பது சதவீதம் போல விழுந்துவிடும். தண்ணீரைக் குறைத்துச் சம்பாதித்தது அங்கே தொலைந்துபோகும்.

அதனால்தான் சிமெண்ட் முழுதும் வினைபுரியத் தேவையான தண்ணீரைக் கேட்கும் கேள்விக்கும் கான்கிரீட் போடத் தேவையான தண்ணீருக்கும் விடை ஒன்றாக இல்லை. சிமெண்ட் வேதிவினையில் கட்டிக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் சுமார் 23 சதவீதம். அந்த வினையில் உருவாகும் கூழ்மத்தின் மிக நுண்ணிய துளைகளில் தங்குவது இன்னொரு 15 சதவீதம். இரண்டும் சேர்ந்து 0.38. ‘முழு நீரேற்றத்துக்குத் தேவையான குறைந்தபட்ச விகிதம்’ என்றால் 0.38-ஐக் குறிக்கலாம். ‘வேதிவினைக்கு மட்டும்’ என்றால் 0.23. இந்த ஒரு சொல்லில்தான் விடை மாறுகிறது. 0.38-க்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவை ஓட வேண்டும் என்பதற்காக ஊற்றுவது. கான்கிரீட் இறுகிய பின் அது இருந்த இடம் நுண்துளையாக மிஞ்சுகிறது. வலிமை குறைவதும், உப்பும் ஈரமும் கம்பிவரை போவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான்.

இப்போது ஒரு முழுக் கணக்கைப் போடுவோம். இது இரண்டு மதிப்பெண் கேள்வியின் அசல் உருவம்.

எடை விகிதம் 1:1.5:3. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5. ஒப்படர்த்தி சிமெண்டுக்கு 3.15, மணலுக்கு 2.65, ஜல்லிக்கு 2.70. காற்று இரண்டு சதவீதம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு என்னென்ன எவ்வளவு?

ஒரு கிலோ சிமெண்டிலிருந்து தொடங்குவதுதான் இதில் எளிய வழி. ஒரு கிலோ சிமெண்ட் உண்மையில் அடைக்கும் இடம் 1-ஐ 3.15-ஆல் வகுத்தது, 0.317 லிட்டர். அதோடு சேரும் ஒன்றரைக் கிலோ மணல் 0.566 லிட்டர். மூன்று கிலோ ஜல்லி 1.111 லிட்டர். அரைக் கிலோ தண்ணீர் 0.5 லிட்டர். கூட்டினால் 2.494 லிட்டர். ஒரு கனமீட்டர் 1000 லிட்டர், காற்று 20 லிட்டர் போக 980. அதை 2.494-ஆல் வகுத்தால் 393. சிமெண்ட் 393 கிலோ, ஏறக்குறைய எட்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மணல் 589.5 கிலோ, ஜல்லி 1179 கிலோ, தண்ணீர் 196.5 கிலோ. எல்லாம் சேர்ந்து 2358 கிலோ. ஒரு கனமீட்டர் கான்கிரீட் 2400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், இந்தக் கூட்டல் விடையைச் சரிபார்க்கும் வேலையையும் செய்துவிடுகிறது. கூட்டிப் பார்த்து 2000 வந்தாலோ 2900 வந்தாலோ எங்கேயோ வகுத்தலில் பிழை.

எஸ்டிமேட் போடுகிறவர்கள் இதே வேலையை 1.54 என்ற ஓர் எண்ணால் முடிப்பார்கள். ஒரு கனமீட்டர் ஈரக் கான்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள்கள் 1.54 கனமீட்டர் வேண்டும், ஏனென்றால் ஜல்லியின் இடுக்கில் மணலும் மணலின் இடுக்கில் சிமெண்டும் புகுந்துகொள்கின்றன. விகிதங்களைக் கூட்டினால் 5.5. 1.54-ஐ 5.5-ஆல் வகுத்து 1440-ஆல் பெருக்கினால் 403 கிலோ. மேலே வந்த 393-க்கு அருகில்தான். ஆனால் இந்த வழியில் தண்ணீருக்கு இடமே இல்லை. விகிதம் 0.5 ஆனாலும் 0.6 ஆனாலும் அது 403 என்றே சொல்லும். முன்னதில் 0.6 என்று போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சிமெண்டுக்கான மொத்த இடம் 2.594 லிட்டராகிறது, சிமெண்ட் 378 கிலோவாகக் குறைகிறது. அதே 1:1.5:3-தான். ஆனால் ஒவ்வொரு கனமீட்டரிலும் சிமெண்டின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. ஒப்படர்த்தி கொடுத்த கேள்விக்கு 1.54-ஐப் போட்டால் கேட்டவர் எதிர்பார்த்த விடை வராது.

மேலே வந்த 196.5 கிலோ தண்ணீர், மணலும் ஜல்லியும் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டு வந்தது. உள்துளைகள் எல்லாம் தண்ணீரால் நிறைந்திருக்க வேண்டும், மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் கல் தண்ணீரை வாங்கவும் செய்யாது, கொடுக்கவும் செய்யாது. சைட்டில் குவிந்திருக்கும் மணல் அந்த நிலையில் இருப்பது அபூர்வம். மழை பெய்த மறுநாள் ஈரமாக இருக்கும், சித்திரை வெயிலில் மேல் அடுக்கு காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்.

கேள்வி தொடர்கிறது. மணலில் மேற்பரப்பு ஈரம் நான்கு சதவீதம். ஜல்லி முழுக்கக் காய்ந்தது, அது அரை சதவீதம் உறிஞ்சும். மிக்சரில் ஊற்ற வேண்டிய தண்ணீர் எவ்வளவு?

மணலோடு வரும் தண்ணீர் 589.5-இல் நான்கு சதவீதம், 23.6 கிலோ. இது ஏற்கெனவே வந்துவிட்டதால் ஊற்றுவதில் கழிக்க வேண்டும். ஜல்லி உறிஞ்சப்போவது 1179-இல் அரை சதவீதம், 5.9 கிலோ. இது சிமெண்டுக்குக் கிடைக்காமல் போவதால் கூட்ட வேண்டும். 196.5-இல் 23.6-ஐக் கழித்து 5.9-ஐக் கூட்டினால் 178.8. ஊற்ற வேண்டியது 178.8 லிட்டர். எட்டு மூட்டைக்கு 18 லிட்டர் குறைவு.

தண்ணீரைத் திருத்தியதும் பலர் பேனாவை வைத்துவிடுகிறார்கள். மணலையும் ஜல்லியையும் திருத்த வேண்டும். தராசில் 589.5 கிலோ ஈர மணல் நிறுத்தால் அதில் ஒரு பங்கு தண்ணீர், மணல் குறைந்துவிடும். ஆகவே 613.1 கிலோ நிறுக்க வேண்டும். காய்ந்த ஜல்லி 1173.1 கிலோ போதும், மிச்ச 5.9-ஐ அது மிக்சருக்குள்ளேயே குடித்துக்கொள்ளும். இப்போது நான்கையும் கூட்டிப் பாருங்கள். 393, 613.1, 1173.1, 178.8. மொத்தம் 2358. திருத்துவதற்கு முன்னும் அதே 2358. தண்ணீர் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதே தவிர, உள்ளே போகும் மொத்தப் பொருள் மாறவில்லை. இந்தக் கூட்டல் ஒத்துவரவில்லை என்றால் கூட்டல் கழித்தல் குறி எங்கேயோ மாறியிருக்கிறது. தேர்வறையில் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? ஈர மணலை 589.5 கிலோவே நிறுத்து, 196.5 லிட்டரையும் முழுதாக ஊற்றினால், மணலிலிருந்து கூடுதலாக 22.7 கிலோ தண்ணீர் வருகிறது, ஜல்லி 5.9 கிலோ எடுத்துக்கொள்கிறது. தனித்த தண்ணீர் 213.3 கிலோ. விகிதம் 0.5 அல்ல, 0.54. ஆப்ராம்ஸ் சூத்திரத்தில் போட்டால் 22.4 இருந்த வலிமை 19.8 ஆகிறது. எம் 20 என்று சொல்லிப் போட்ட கான்கிரீட் 20-க்குக் கீழே இறங்கிவிட்டது. யாரும் ஒரு குவளை தண்ணீர்கூடக் கூடுதலாக ஊற்றவில்லை.

நான்கு சதவீதம் என்பது மிகையான எண் அல்ல. ஐ.எஸ். 456 தன் 10-ஆம் அட்டவணையில் லேசான ஈர மணலுக்கு 2.5 சதவீதமும், நடுத்தர ஈரத்துக்கு 5 சதவீதமும், சொட்டச் சொட்ட நனைந்த மணலுக்கு 7.5 சதவீதமும் மேற்பரப்புத் தண்ணீராக எடுத்துக்கொள்ளலாம் என்று தோராய அளவு கொடுத்திருக்கிறது.

இது தராசில் நிறுக்கும் கலவைக்கு. பெட்டியில் அளந்தால் இதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது. ஈரமான மணல் உப்பும். மணற்பரல்களைச் சுற்றி ஒட்டிய தண்ணீர்ப் படலம் அவற்றை விலக்கிப் பிடிப்பதால், அதே மணல் அதிக இடத்தை அடைக்கிறது. ஈரம் ஐந்தாறு சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது உப்பல் உச்சத்துக்குப் போகும். சன்ன மணலில் அது அதிகம். இன்னும் தண்ணீர் சேர்ந்து மணல் முழுக்க மூழ்கிவிட்டால் படலம் உடைந்து, மணல் காய்ந்திருந்தபோது இருந்த அளவுக்கே திரும்பிவிடும். ‘முழுதும் நனைந்த மணலின் கனஅளவு எதற்குச் சமம்?’ என்ற கேள்விக்கு உலர்ந்த மணலுக்கு என்று விடை சொல்வது இதனால்தான்.

இதைச் சைட்டிலேயே சோதிக்கலாம், ஓர் அளவுச் சாடி போதும். 250 மில்லி சாடியில் ஈர மணலை 200 மில்லி கோடு வரை கொட்ட வேண்டும், குத்தி இறக்காமல். பிறகு மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்தால், குமிழிகள் கிளம்பி மணல் கண்ணெதிரே கீழே இறங்கும். 160-இல் நின்றால், உண்மையான மணல் 160 மில்லிதான், மீதி 40 உப்பல். உப்பல் சதவீதம் 40-ஐ 160-ஆல் வகுத்து வருவது, 25. இதை 200-ஆல் வகுத்து 20 என்று எழுதுகிறவர்கள் நிறைய. கேள்வித்தாளின் நாலு விடைகளில் அந்த 20-ஐயும் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர். 1:1.5:3-க்கு மணல் 52.5 லிட்டர் வேண்டும். 25 சதவீதம் உப்பிய மணலை அதே 52.5 லிட்டர் அளந்தால் உள்ளே இருப்பது 42 லிட்டர் மணல்தான். கலவை 1:1.2:3 ஆகிவிடுகிறது. சரியான மணல் போக வேண்டுமென்றால் 65.6 லிட்டர் அளக்க வேண்டும். மணல் குறைந்த கலவையை மிக்சரிலிருந்து கொட்டும்போதே அடையாளம் தெரியும். ஜல்லி தனியாக உருளும், சாந்து அதை மூடாது, பலகையைப் பிரித்ததும் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும். அதைப் பார்த்ததும் மேஸ்திரி சொல்லும் மருந்து தண்ணீர். கலவை ஓடவில்லை, இன்னும் ஒரு வாளி ஊற்று என்பார். மணலில் குறைந்ததைத் தண்ணீரால் ஈடுகட்டுகிறார்கள், விகிதம் 0.5-இலிருந்து 0.6-க்குப் போகிறது. மணலில் ஏற்கெனவே இருந்த ஈரம் அதற்கும் மேலே.

இவ்வளவும் தெரிந்தவரையும் தடுக்கி விழ வைக்கும் ஒரு சொல் கேள்வித்தாளில் உண்டு. சில கணக்குகள் மணலின் ‘மேற்பரப்பு ஈரம்’ என்று சொல்லாமல் ‘மொத்த ஈரம் 5 சதவீதம், உறிஞ்சும் திறன் 1 சதவீதம்’ என்று கொடுக்கும். மொத்த ஈரத்தில் மணலுக்குள்ளே போய் அடைந்திருப்பதும் அடங்கும். அந்த ஒரு சதவீதம் சிமெண்டுக்கு வரப்போவதில்லை. எனவே கழிக்க வேண்டியது 5 அல்ல, 4. இரண்டு சதவீதமும் முழுக்கக் காய்ந்த மணலின் எடையை வைத்துச் சொல்வது. நம் கணக்கின் 589.5 கிலோவோ உள்துளை நிறைந்த மணல். அதை 1.01-ஆல் வகுத்தால் காய்ந்த எடை 583.7 கிலோ. அதில் நான்கு சதவீதம் 23.3 கிலோ. முன்பு வந்த 23.6-க்கும் இதற்கும் வித்தியாசம் முந்நூறு கிராம்தான். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இது உறுத்தாது. எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேட் தேர்வுக் கேள்வியில், ஏற்கத்தக்க எல்லை குறுகலாக இருந்தால், மணலின் எந்த எடையில் சதவீதம் எடுத்தோம் என்பதே மதிப்பெண்ணை முடிவு செய்துவிடும்.